சேனல் மிக்ஸர்: நிறத்தடக் கலவை

ஃபோட்டோஷாப்பில் வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்க உதவும் Channel Mixer என்ற கருவியின் பெயரைப் பார்த்ததும் பலருக்கு டிவி சேனல்தான் நினைவுக்கு வரும். சேனலும் கெனாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டுக்கும் மூலம் குழாய், வாய்க்கால் என்று பொருள்படும் லத்தீன் சொல்லான கனாலிஸ். அதற்கும் பின்னால் நாணல் என்று பொருள்படும் கன்னா இருக்கிறது.

டிவிக்கு நாம் அலைவரிசை என்கிறோம். படத்துக்கு அது பொருந்தாது. வண்ணப் படம் ஒன்றுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கருப்பு வெள்ளைப் படங்கள் தனித்தனியே ஓடுகின்றன. அதனால் நிறத்தடம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மிக்ஸருக்குக் கலவை போதும். கொத்தனார் சிமெண்டு ஒரு பங்கு, மணல் நாலு பங்கு என்று போடுவாரே, அதே கணக்குதான் இங்கேயும்.

பொட்டு வைத்த ஒரு மாநிற முகத்தை எடுத்துக்கொள்வோம். 0 என்றால் கருப்பு, 255 என்றால் முழு வெளிச்சம் என்ற அளவில், நெற்றித் தோலில் சிவப்பு 150, பச்சை 100, நீலம் 70. குங்குமத்தில் 180, 30, 40. உதட்டில் 140, 75, 75.

படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும் Monochrome பெட்டியில் டிக் போட்டு, சிவப்பை மட்டும் 100 சதவீதம் வைத்தால் தோல் பளிச்சென்று வழவழப்பாகும். பருத்தழும்பும் மங்கிவிடும். ஆனால் பொட்டைப் பாருங்கள்: தோல் 150, பொட்டு 180. குங்குமம் விபூதியாகிவிட்டது! உதடும் 140க்கு வந்து கன்னத்தோடு கரைந்துவிடுகிறது. நீலத்தை மட்டும் வைத்தாலோ தோல் 70க்கு இறங்கி, ஒவ்வொரு புள்ளியும் தழும்பும் துருத்திக்கொண்டு நிற்கும். வெளிச்சம் குறைவான படமென்றால் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் சேரும்.

சிவப்பு 60, பச்சை 40 என்று வைத்தால் தோல் 130, பொட்டு 120. பொட்டு இன்னும் சரியாகத் தெரியாது. நான் சிவப்பு 40, பச்சை 60, நீலம் 0 என்று வைப்பேன். தோல் 120, உதடு 101, பொட்டு 90. மூன்றும் பிரிந்து நிற்கின்றன. தோல் கொஞ்சம் இருண்டுவிட்டதே என்றால், சிவப்பைக் கூட்டாமல் அப்புறம் வெளிச்சத்தைத் திருத்தும் கர்வ்ஸில் நடுச்சாயலை மட்டும் லேசாகத் தூக்குங்கள். சிவப்பைக் கூட்டினால் பொட்டு மறுபடியும் தொலையும்.

ஸ்கின் டோனுக்குத் தோல் தொனி என்று சிலர் எழுதுகிறார்கள். தொனி காதுக்கு உரியது. சருமச் சாயல் என்றால் கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது.

மூன்று பங்கையும் கூட்டினால் 100 வர வேண்டும். அதைத் தாண்டினால் படம் முழுக்க வெளுக்கும். முதலில் போவது, வியர்வையில் மின்னும் நெற்றியும் மூக்கு நுனியும். அங்கே 255ஐ எட்டிவிட்டால் தோலின் நுண்துளைகூடத் தெரியாது, வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.