சராசரி மாறவில்லை, ஆனால் பணம் குறைந்தது: திறைசேரி முறி வைத்திருக்கும் சிறு நிதிகளுக்கு

திருகோணமலையில் ஒரு ஊழியர் சேமநலநிதியின் கணக்கை வருசத்துக்கு ஒருமுறை பார்த்துக் கொடுக்கிறேன். கையிருப்பு 100 மில்லியன் ரூபாய், எல்லாமே திறைசேரி முறிகள். இன்னும் ஐந்து வருசத்தில் அங்கத்தவர்களில் பெரிய தொகையினர் ஓய்வு பெறுகிறார்கள், அதனால் முதலில் எல்லாப் பணமும் ஐந்தாண்டு முறியில்தான் இருந்தது. அப்புறம் நிர்வாகக் குழு அதை விற்று, 53 மில்லியனை இரண்டாண்டு முறியிலும் 47 மில்லியனைப் பத்தாண்டு முறியிலும் போட்டது. ஏன் என்று கேட்டேன். “தம்பி, டியூரேஷன் மாறேல்லைத்தானே, அதே 3.9தானே” என்றார் பொருளாளர்.

அவர் சொன்னது சரிதான். டியூரேஷன் என்பது வட்டி 1 சதவீதம் ஏறினால் முறியின் விலை ஏறக்குறைய எத்தனை சதவீதம் விழும் என்று சொல்லும் எண். கணக்கு எளிதாக வரட்டும் என்று எல்லாத் தவணைக்கும், வாங்கும் விலைக்கு முறி தரும் வருமானமான விளைவு வீதம் 10 சதவீதம், எல்லா முறியும் முகப்பெறுமதியில் விற்கிறது, வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு முறியின் டியூரேஷன் 1.77, ஐந்தாண்டு 3.86, பத்தாண்டு 6.23. புதிய கலவையைக் கூட்டினால் 3.87. வட்டி எல்லாத் தவணையிலும் ஒரே அளவு 1 சதவீதம் ஏறினால் பழைய கலவையும் புதியதும் ஏறக்குறைய 3.9 மில்லியன் இழக்கும். டியூரேஷன் என்ற ஒற்றை எண் சொல்வது இவ்வளவுதான், அதுவும் எல்லாத் தவணையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்ற நிபந்தனையோடு.

நம் சந்தை அப்படி நடக்காது என்பதைப் பார்த்தவர்கள் நாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகள், அதாவது 7 சதவீதம், உயர்த்தியது. அதன் பிறகு குறுகிய கால உண்டியல்களின் விளைவு நீண்ட கால முறிகளையும் தாண்டி மேலே நின்றது. 2023 ஜூனில் 250 புள்ளி குறைப்போடு தொடங்கி வீதங்கள் இறங்கியபோது குறுகிய பக்கம்தான் வேகமாக இறங்கியது, நீண்ட பக்கம் அவ்வளவு இல்லை. தவணைக்குத் தவணை விளைவு வீதத்தைக் காட்டும் வளைகோட்டின் ஒரு முனை ஒரு பக்கமும் மறு முனை வேறு பக்கமும் போவதை, அல்லது வேறு வேகத்தில் போவதைத்தான் முறுக்கு என்கிறோம்.

இதை அளக்கத்தான் கீ ரேட் டியூரேஷன். வளைகோட்டில் சில தவணைகளை முக்கிய புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறோம், இந்த நிதிக்கு 2, 5, 10 ஆண்டு போதும். ஒரு புள்ளியை மட்டும் சிறிது அசைத்து, மற்றப் புள்ளிகளை அப்படியே வைத்து, முழுக் கையிருப்பின் விலையை மறுபடி கணக்கிடுகிறோம். ஐந்தாண்டுப் புள்ளியை அசைத்தால் அந்த அசைவு 2 ஆண்டை நோக்கியும் 10 ஆண்டை நோக்கியும் கூடாரம் போலச் சரிந்து பூச்சியமாகிறது. ஏழாண்டு முறி ஒன்று இருந்தால் அதன் டியூரேஷன் 4.95 இல் ஐந்தில் மூன்று பங்கு 5 ஆண்டுப் புள்ளிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு 10 ஆண்டுப் புள்ளிக்கும் போகும், அதாவது 2.97 உம் 1.98 உம். எக்செல் தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் போட வேண்டிய சூத்திரம் இது:

```
KRD = (P_down - P_up) / (2 * P0 * dy)
```

`P_down` அந்தப் புள்ளியை `dy` அளவு இறக்கியபோது வரும் விலை, `P_up` ஏற்றியபோது வரும் விலை, `P0` இப்போதைய விலை.

பழைய கலவைக்கு விடை 2 ஆண்டில் பூச்சியம், 5 ஆண்டில் 3.86, 10 ஆண்டில் பூச்சியம். புதியதுக்கு 2 ஆண்டில் 0.94, 5 ஆண்டில் பூச்சியம், 10 ஆண்டில் 2.93. மொத்தம் ஒன்றுதான், ஆனால் இருக்கும் இடம் வேறு, பொருளாளரிடம் நான் காட்டியதும் இந்த மூன்று எண்களைத்தான்.

இப்போது முறுக்கைப் போடுவோம். 2 ஆண்டு வீதம் 1 சதவீதம் இறங்குகிறது, 5 ஆண்டு அசையவில்லை, 10 ஆண்டு 1 சதவீதம் ஏறுகிறது. பழைய கலவைக்கு ஒன்றும் ஆகாது. புதிய கலவைக்கு இரண்டாண்டு முறியில் 0.94 மில்லியன் இலாபம், பத்தாண்டில் 2.93 மில்லியன் நட்டம், ஆக கிட்டத்தட்ட 20 இலட்சம் ரூபாய் போகிறது. “சராசரி வட்டி மாறேல்லை, டியூரேஷனும் மாறேல்லை, பிறகு எப்படி?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதிலே இல்லை. வீதங்கள் எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தால் அதே 20 இலட்சம் இலாபமாக வந்திருக்கும் என்பதும் உண்மை, ஆனால் ஓய்வூதியக் காசை வைத்துக்கொண்டு நீண்ட வட்டி இறங்கும் என்று பந்தயம் கட்டுவது அந்தக் குழு எடுத்த முடிவே அல்ல. அவர்களுக்குத் தெரியாமலே அப்படி ஒரு பந்தயம் உள்ளே வந்துவிட்டது, எனக்குக் கவலையான விடயம் அதுதான். முறியை முதிர்வு வரை வைத்திருந்தால் விலை எப்படிப் போனாலும் என்ன என்று சொல்லலாம், ஆனால் ஐந்தாம் வருசம் காசு கொடுக்கப் பத்தாண்டு முறியை அன்றைய விலைக்கு விற்றே ஆக வேண்டும்.

இந்த எண்களை நம்புமுன் பார்க்க வேண்டியவை உண்டு. எல்லாப் புள்ளிகளின் கீ ரேட் டியூரேஷனையும் கூட்டினால் மொத்த டியூரேஷன் வர வேண்டும், வராவிட்டால் தாளில் பிழை. ஒருமுறை வேறொரு நிதியின் 15 ஆண்டு முறிக்கு நான் போட்ட கணக்கில் கூட்டுத்தொகை குறைந்து வந்தது. தேடிப் பார்த்தால் கடைசிப் புள்ளியான 10 ஆண்டின் கூடாரத்தை அதற்கு அப்பாலும் சரியவிட்டிருந்தேன். கடைசிப் புள்ளிக்கு அப்பால் அசைவு மட்டமாகப் போக வேண்டும், முதல் புள்ளிக்கு முன்னும் அப்படியே.

இன்னொன்று, மேலே நான் அசைத்தது முகப்பெறுமதியில் விற்கும் முறிகளின் விளைவு வீதங்களை. இடையில் வட்டி எதுவும் தராத, ஒரே நாளில் முடியும் பணத்துக்கான வீதங்களை அசைத்தால் பத்தாண்டு முறியின் இடைக்கால வட்டிகள் 2 ஆண்டு, 5 ஆண்டுப் புள்ளிகளிலும் கொஞ்சம் விழும். இரண்டு வழியும் சரியானவைதான், ஆனால் ஒரு வழியில் எடுத்த எண்ணை மற்ற வழியில் சொன்ன முறுக்கோடு பெருக்கக் கூடாது.

முறுக்கு பெரிதாக இருந்தால் விடை கொஞ்சம் விலகும். விலையும் விளைவும் நேர்கோட்டில் போவதில்லை, அதனால் மேலே சொன்ன 1 சதவீத முறுக்கில் முழு விலைக் கணக்குப் போட்டால் நட்டம் 19.9 இலட்சம் அல்ல, 18.6 இலட்சம்தான். 2022 போன்ற அசைவுகளுக்கு முழு விலையையே கணக்கிடுங்கள்.

குழு கடைசியில் பாதியை ஐந்தாண்டுக்குத் திருப்பியது. இப்போது மூன்று புள்ளிகளிலும் 0.47, 1.93, 1.46, அதே முறுக்கில் போவது 10 இலட்சம் அளவு. மீதியையும் உடனே மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. முதனிலை வணிகர் பத்தாண்டு முறிக்குக் கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் அந்தக் கிழமை இடைவெளி அகலமாக இருந்தது, அந்தச் செலவைப் பார்த்துவிட்டு அடுத்த காலாண்டில் மறுபடி கணக்குப் போடுவோம் என்று நிறுத்திக்கொண்டோம்.