தலையைத் தூக்கினால் உடம்பு தாழும்

நான் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனது 42 வயதில். முதல் நாள் கழுத்தளவுத் தண்ணீரில் சும்மா நின்றேன். கால் தரையில் நன்றாக ஊன்றியிருந்தது, கை குளத்தின் ஓரத்தைப் பிடித்திருந்தது. இருந்தும் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எல்லாம் பயம்தான் என்று அப்போது நினைத்தேன். பாதிதான் பயம். கழுத்தளவுத் தண்ணீர் நெஞ்சுக்கூட்டை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் விலா எலும்புகள் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் விரிய வேண்டும். நீந்திப் பழகியவர்களுக்கும் இதே அழுத்தம் உண்டு, பழகிவிட்டதால் கவனிப்பதில்லை. பயந்தவர் இதை மூச்சுத் திணறல் என்று எடுத்துக்கொண்டு, கிடைத்த காற்றை விடாமல் பிடித்துக்கொள்கிறார். அதற்கு மேலேயே இன்னும் கொஞ்சம் இழுக்கிறார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு முக்கியமாக ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. காற்றை வெளியே விடாதவரை அது சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது. என் பயிற்சியாளர் முதல் வாரம் கை, கால் பற்றிப் பேசவே இல்லை. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, "ம்ம்ம்" என்று முனகியபடி மூக்கால் மெதுவாக விடச் சொன்னார். முனகும்போது மூக்கு வழியே காற்று வெளியே வந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறாது. குமிழிகள் சீராக வந்தால் சரி. மொத்தமாகக் குபுக்கென்று வந்தால், கடைசிவரை பிடித்து வைத்திருந்தோம் என்று அர்த்தம்.

அப்புறம் மிதப்பது. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, எனக்குப் பயத்தைக் குறைத்ததே அதுதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு முழுவதும் தண்ணீருக்குள் இருந்தால், தோராயமாக 72 லிட்டர் தண்ணீரை விலக்குவார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 72 கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது, அவருடைய எடையோ 70. மீதி 2 கிலோ அவரை மேலே தூக்கும். இப்போது அவர் பயந்துபோய்த் தலையை முழுசாக வெளியே தூக்குகிறார். தலையின் அளவு கிட்டத்தட்ட 4 லிட்டர். அது தண்ணீருக்கு வெளியே வந்ததும் 4 கிலோ தாங்குதல் போய்விடுகிறது. கையில் இருந்ததோ 2 கிலோதான். மீதி 2 கிலோவைக் கை, கால் அடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். அடிப்பது நின்றால் உடம்பு கீழே போகும். மூச்சை முழுவதும் விட்டுவிட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் உடம்பின் கன அளவு சில லிட்டர் குறைந்துவிடுகிறது.

உடம்புக்கு உடம்பு இந்தக் கணக்கு மாறும். கொழுப்பு குறைந்த, தசை இறுகிய ஆள் நிறைய மூச்சு வைத்திருந்தும் மிதக்கத் திணறலாம். கால்கள் எப்படியும் தாழப் பார்க்கும். காற்று இருப்பது மார்பில், கால் பக்கம் எலும்பும் தசையும்தான்.

இதையெல்லாம் புரிந்துகொண்ட பிறகும் என் பயம் ஒரு இடத்தில் மாட்டியிருந்தது. குப்புற மிதந்தால் திரும்ப எப்படி எழுந்து நிற்பது? பெரியவர்கள் பலருக்கு உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன், வெளியே சொல்வதில்லை. நிலத்தில் எழும்போது தலையைத்தான் முதலில் தூக்குவோம். தண்ணீரில் அப்படிச் செய்தால் முகம் மேலே வரும், கால்களோ பின்னாலேயே கிடக்கும். உடம்பு வில்லாக வளைந்து, வாய் சரியாகத் தண்ணீர் மட்டத்தில் நிற்கும். அந்த நேரம் பார்த்து மூச்சை இழுப்போம்.

எழும் வரிசையே வேறு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே இரண்டு முழங்கால்களையும் வயிற்றோடு சேர்க்க வேண்டும். முன்னால் நீட்டியிருக்கும் கைகளைத் தொடை நோக்கிக் கீழே அழுத்த வேண்டும். அப்போது உடம்பு நுரையீரலை அச்சாக வைத்துச் சுழன்று, இடுப்பு தானாகக் கீழே இறங்கும். பாதங்களை நீட்டி, இரண்டு உள்ளங்காலும் தரையைத் தொட்ட பிறகுதான் தலை. குதிகால் படாமல் விரல் நுனியில் தள்ளாடினால் தலை அவசரப்பட்டுவிட்டது.

இதை மார்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர் நிற்கும்போது மட்டும் பழக வேண்டும். ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலாமே என்று முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு முங்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தவிப்பே வராமல் நினைவு தப்பிவிடலாம்.

மூன்றாவது முறை எனக்குக் குதிகால் பட்டது. அன்று 12 தடவை மிதந்து 12 தடவை எழுந்து நின்றேன். கை, கால் அடிப்பது அடுத்த வாரம்தான் ஆரம்பித்தது.