பச்சை வட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

24 கிளைகள் உள்ள ஒரு துணிக்கடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் காலையில் திறக்கும் விற்பனை டேஷ்போர்டின் மூலையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பச்சை வட்டம் இருக்கிறது. பக்கத்தில் "சோதனைகள் 30/30, காலை 5.40" என்று ஒரு வரி. கீழே உள்ள நேற்றைய விற்பனைக் கணக்கை நம்பலாம் என்பதுதான் அந்தப் பேட்ஜின் பொருள். எதை வைத்து அது அப்படிச் சொல்கிறது?

இரவில் கடை அடைத்த பிறகு ஒவ்வொரு கிளையின் பில் கணினியிலிருந்தும் ஒரு கோப்பு வருகிறது. விடியற்காலை 5 மணிக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் ஏறுகின்றன. ஏறி முடிந்ததும் சோதனைகள் தாமாக ஓடும். ஒவ்வொரு சோதனையும் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு சிறு கேள்விதான். ஆனால் அது நல்ல பில்களைத் தேடுவதில்லை, கெட்ட பில்களைத் தேடுகிறது. கிளை எண் விடுபட்ட பில் நேற்று உண்டா என்று அறிய இப்படி எழுதுவார்கள்:

```sql
SELECT * FROM bills
WHERE bill_date = CURRENT_DATE - 1
  AND shop_id IS NULL;
```

விடையாக ஒரு வரிசைகூட வராவிட்டால் தேர்ச்சி. தரவுப் பொறியாளர்கள் பலர் பயன்படுத்தும் dbt என்ற கருவியின் சோதனைகளும் இந்த முறையில்தான் அமைந்தவை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓர் இரவு இணைப்பு அறுந்து ஒரு கோப்புகூட வரவில்லை என்றால் என்ன ஆகும்? கிளை எண் இல்லாத பில் உண்டா? இல்லை. ஒரே எண்ணில் இரண்டு பில்கள் உண்டா? இல்லை. பில்லே இல்லாதபோது கெட்ட பில் எங்கிருந்து வரும்! யாருமே எழுத வராத தேர்வில் யாரும் தவறான விடை எழுதவில்லை என்பதுபோல, எல்லாச் சோதனைகளும் தேர்ச்சி பெற்று வட்டம் பச்சையாக ஒளிரும்.

ஆகவே பில்களை எண்ணும் சோதனை ஒன்றும் வேண்டும். எதோடு ஒப்பிட்டு எண்ணுவது என்பதில்தான் சிக்கல். முந்தைய நாளோடு ஒப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை விற்பனை வாரந்தோறும் சரிவாகத் தெரியும். நாலாவது வாரம் அந்த எச்சரிக்கையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடந்த நான்கு வாரங்களின் அதே கிழமையோடு ஒப்பிடுவது மேல். தீபாவளி வாரத்தில் அதுவும் கூச்சலிடும் என்பது வேறு கதை. மொத்தத்தை மட்டும் எண்ணுவதும் போதாது. ஒரேயொரு கிளையின் கோப்பு வராவிட்டால் எண்ணிக்கை ஏறத்தாழ 4 சதவீதம்தான் குறையும். 20 சதவீதச் சரிவுக்கு மணியடிக்கும்படி வைத்த சோதனைக்கு அது உறைக்காது. நேற்றுத் திறந்திருந்த கிளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, எது வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இனி, 30 முடிவுகளை ஒரே நிறமாக்குவது எப்படி? சராசரி எடுப்பதுதான் எளிது, அதுதான் தவறும். 30இல் 29 தேர்ச்சி என்றால் 97 சதவீதம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோற்ற அந்த ஒன்று, ஒரு கிளையின் கோப்பு இருமுறை ஏறியதைப் பிடித்த சோதனையாக இருந்தால், அந்தக் கிளையின் விற்பனை இரட்டிப்பாகத் தெரிகிறது. அதனால் சோதனைகளை முன்கூட்டியே இரண்டாகப் பிரிப்பார்கள். தோற்றால் கணக்கே தவறு என்பவை ஒரு வகை. தோற்றால் கவனிக்கத்தக்கது என்பவை இன்னொரு வகை. முதல் வகையில் ஒன்று தோற்றாலும் சிவப்பு. இரண்டாம் வகையில் மட்டும் தோல்வி என்றால் மஞ்சள். பாலில் ஒரு துளி விஷம் விழுந்தால் மீதிப் பாலைக் கணக்கில் எடுப்பதில்லை அல்லவா?

என் பார்வையில், பெரும்பாலான பேட்ஜ்களில் இல்லாமல் போகும் நிறம் சாம்பல். சோதனை முடிவுகள் ஓர் அட்டவணையில் சேர்கின்றன. பேட்ஜ் அதிலிருந்து கடைசி முடிவை எடுத்துக் காட்டுகிறது. இன்று சோதனைகள் ஓடவே இல்லை என்றால் கடைசி முடிவு நேற்றையது, அது பச்சை. ஆகவே இன்றைய தேதியில் முடிவு இருக்கிறதா என்று பேட்ஜ் முதலில் பார்க்க வேண்டும். 30க்கு 22தான் வந்திருக்கிறது என்றாலும் "சரிபார்க்கவில்லை" என்று சாம்பலாகிவிட வேண்டும். வட்டத்தின் பக்கத்தில் எண்ணிக்கையும் நேரமும் இருப்பது இதற்காகத்தான். 5.40க்கு ஓடிய சோதனை, 9 மணிக்குத் தாமதமாக வந்து ஏறிய கோப்பைப் பார்த்ததில்லை.

காசாளர் 4,500 ரூபாய்ப் பில்லை 5,400 என்று அடித்திருந்தால் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது. கிளை எண் இருக்கிறது, பில் எண் ஒன்றுதான், தொகையும் வழக்கமான அளவுக்குள்தான். அன்றும் வட்டம் பச்சைதான்.