மதியம் தூங்கினால் இரவுத் தூக்கம் எங்கே போகிறது?

விடுமுறை நாளில் மதியம் மூன்றரைக்குப் படுத்து, இருட்டும் நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து, விடிந்துவிட்டது என்று பல் துலக்கக் கிளம்பியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. தலை கனக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும், அன்று இரவு பன்னிரண்டு ஆனாலும் கண் மூடாது. அதே ஆள் இன்னொரு நாள் அலுவலக நாற்காலியில் கால் மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தால் முகம் கழுவியதுபோல் தெளிவாக இருப்பார். இந்த இரண்டு தூக்கங்களையும் பிரிப்பது ஒரே கேள்வி: மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கியதா?

கண்ணை மூடியதும் மூளை படிப்படியாகத்தான் இறங்குகிறது. முதலில் சில நிமிடங்கள் அரைத் தூக்கம். பக்கத்தில் பேசுவது காதில் விழும், ஆனால் பொருள் புரியாது. அதற்கடுத்து லேசான தூக்கம். நாம் கோழித் தூக்கம் என்று சொல்வது பெரும்பாலும் இதுவரைதான். தூங்க ஆரம்பித்து இருபது முப்பது நிமிடம் ஆகும்போது மூளையின் மின்னலைகள் பெரிதாகி, மெதுவாகி, ஆழ்ந்த தூக்கம் தொடங்குகிறது. அந்த இடத்தில் அலாரம் அடித்தால் கால் எழுந்து நடக்கும், மூளை பின்தங்கிவிடும். தூக்கக் கலக்கம் என்பது இதைத்தான். சாதாரணமாக அரை மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். பல நாள் தூக்கம் பாக்கி இருப்பவருக்கு இன்னும் நீளும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் புரூக்ஸ், லாக் இருவரும் இதை நிமிடக் கணக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. இரவில் 5 மணி நேரம் மட்டுமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களைப் பிற்பகல் 3 மணிக்கு 5, 10, 20, 30 நிமிடம் என்று வெவ்வேறு நாளில் தூங்கவைத்து, எழுப்பிச் சோதித்தார்கள். 5 நிமிடத்தால் பெரிய பயன் இல்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனே சுறுசுறுப்பாக இருந்தார்கள். அந்தத் தெளிவு சில சோதனைகளில் இரண்டரை மணி நேரம்வரை நீடித்தது. 20 நிமிடத்தின் பயன் எழுந்து அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. 30 நிமிடம் தூங்கியவர்கள் முதலில் மந்தமாகி, பிறகுதான் தேறினார்கள். இங்கே ஒரு விஷயம் எளிதில் தவறிப்போகும். அந்த நிமிடங்களை, ஆள் படுத்ததிலிருந்து எண்ணவில்லை. மூளையலை தூக்கத்தைக் காட்டிய நொடியிலிருந்து எண்ணினார்கள். வீட்டில் படுத்துத் தூக்கம் பிடிக்கவே ஏழெட்டு நிமிடம் ஆகும் என்பதால் அலாரத்தை 20 அல்லது 25 நிமிடத்துக்கு வைப்பது சரியாக இருக்கும்.

எவ்வளவு நேரம் என்பது இப்படி. எப்போது என்பதற்கு வேறொரு கணக்கு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் ஏறும். தூங்கும்போது, குறிப்பாக ஆழ்ந்த தூக்கத்தில், அழுத்தம் இறங்கும். காபி இந்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, அழுத்தம் இருப்பதை மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. இதற்குப் பக்கத்தில் உடலின் 24 மணி நேரக் கடிகாரம் தனியாக ஓடுகிறது. பகல் முழுக்க அது 'விழித்திரு' என்று எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மதியம் 1 முதல் 3 மணிவாக்கில், அழுத்தம் ஓரளவு ஏறியிருக்கும், கடிகாரத்தின் இழுப்பு இன்னும் வலுத்திருக்காது. அந்த இடைவெளிதான் மதிய மந்தம். 'உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு' என்று சோற்றின் மேல் பழியைப் போடுகிறோம். வயிறு முட்டச் சாப்பிட்டால் மந்தம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் கண் சொருகும்.

மாலையில் கடிகாரம் வலுவாக இழுக்கத் தொடங்குகிறது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அந்த இழுப்பு உச்சத்தில் இருக்கும். அதையும் மீறி மாலையில் தூங்கிவிட்டால், நாள் முழுக்கச் சேர்ந்த அழுத்தத்தால் மூளை சீக்கிரமே ஆழ்ந்த தூக்கத்துக்குள் விழுகிறது. இரவு முதல் பாதிக்கென்று இருந்த ஆழ்ந்த தூக்கத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்கக் கூடாது என்று பாட்டிகள் லட்சுமியைக் காட்டி மிரட்டியதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும், அந்த மிரட்டலால் இரவு நன்றாகத் தூங்கியிருப்போம்.

என் பெரியப்பாவின் கதையை வைத்துப் பார்க்கலாம். ஓய்வு பெற்றபின் மதியம் 2 மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுவார். இரவு 10 மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரை வரை புரளுவார். காலை 5 மணிக்கு எழுந்து, "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லப்பா" என்பார். கூட்டிப் பார்த்தால் இரவில் நாலரை, பகலில் இரண்டரை, ஆக 7 மணி நேரம். தூக்கம் குறைவாக இல்லை, இரண்டு துண்டாக இருந்தது. நாலரைக்கு எழும்போது அழுத்தம் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கும். 10 மணிக்கு அவர் விழித்திருந்தது வெறும் ஐந்தரை மணி நேரம். தூக்கம் எங்கிருந்து வரும்?

ஒன்றேகால் மணிக்குச் சாய்வு நாற்காலியில், 25 நிமிட அலாரத்தோடு என்று மாற்றிப் பார்த்தோம். முதல் வாரம் பலனே இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது: எட்டு மணிச் சீரியலுக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் தலை தொங்கிக்கொண்டிருந்தார். அதை அவர் தூக்கம் என்றே எண்ணவில்லை. "கண்ணைத்தான் மூடியிருந்தேன்" என்றார். மதியம் சேமித்ததெல்லாம் அங்கே கரைந்தது. அந்த நேரத்தில் அவரைக் கடைக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, இரண்டாம் வாரக் கடைசியில் பத்தே முக்காலுக்கெல்லாம் குறட்டை கேட்டது.

இதை வைத்துப் பகல் தூக்கமே கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சென்னையில் குறைந்த வருமானக்காரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்கள் இரவில் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும், சராசரியாகத் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டிப் பார்த்தார்கள்; வேலையிலோ மனநிலையிலோ மாற்றம் தெரியவில்லை. வேலையிடத்தில் மதியம் சிறிது நேரம் தூங்கவிட்டபோது வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. ஆனால் தூங்கிய நேரம் வேலை நேரத்தில் கழிந்தது. இரவு உடைந்து உடைந்து தூங்குபவருக்கு மதியத் தூக்கம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்தாலே பிடிபடும். மதியம் தூங்கிய நாள், தூங்காத நாள், இரவு படுத்துத் தூக்கம் பிடிக்க ஆன நேரம், இவ்வளவு போதும். தூங்கிய நாட்களில் மட்டும் அரை மணிக்கு மேல் புரண்டால், மதியம் இன்னும் சீக்கிரமாகப் படுங்கள் அல்லது தூங்கும் நேரத்தைக் குறையுங்கள். தூக்கமின்மைக்குச் சிகிச்சை எடுப்பவர்களைப் பகலில் அறவே தூங்க வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்துக்காக, அழுத்தம் முழுதாக இரவுக்கு மிஞ்சட்டும் என்றுதான். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு இந்த விதி செல்லாது. அவர் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம், அதாவது லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் மறுபடி லேசாகும் ஒரு முழுச் சுற்று, தூங்கிவிட்டுப் போவதே நல்லது.

இரவு 7, 8 மணி நேரம் தூங்கியும் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது, கூடவே பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது என்றால், மதியத் தூக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை. அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, இரவுத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறட்டை விடுபவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.