உளைச்சல் இருக்க, ‘திரிபுக் காயம்’ எதற்கு?

மணிக்கணக்கில் இசைக்கருவி பயில்வோருக்கு மணிக்கட்டிலும் தோளிலும் கழுத்திலும் வரும் வலியை ‘மீள்வரு திரிபுக் காயம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கொஞ்சம் எளிமையாக எழுத நினைப்பவர்கள் ‘மிகைப்பயன்பாட்டுக் காயம்’ என்கிறார்கள். இரண்டுமே வலியோடு வருபவரைத் தவறான வழியில் அனுப்பும் சொற்கள்.

‘ரிப்பெடிட்டிவ் ஸ்ட்ரெய்ன் இஞ்சுரி’ என்ற ஆங்கிலத் தொடரைத்தான் ‘மீள்வரு திரிபுக் காயம்’ ஆக்கியிருக்கிறார்கள். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதற்கு மூலம், இறுக்கி இழுப்பதைக் குறிக்கும் வினை. ‘இஞ்சுரி’ என்பது முதலில் அநீதி, தீங்கு என்ற பொருளில் வழங்கி, பிறகுதான் உடலுக்கு வந்தது. 1980களில் ஆஸ்திரேலியாவில் தட்டச்சுப் பணியாளர்களிடையே இந்த வலி பரவலாகப் பேசப்பட்டபோது அந்த ஆங்கிலத் தொடரும் பிரபலமானது.

திரிபு என்பது இயற்பியலில் நீளமாற்றத்துக்கும் மூல நீளத்துக்கும் உள்ள விகிதம். இலக்கணத்தில் எழுத்து மாறுவது. உழைத்துக் களைத்த தசைக்கு இரண்டுமே பொருந்தாது. ‘மீள்வரு’ என்றால் எது மீண்டும் வருகிறது? மீண்டும் மீண்டும் நிகழ்வது கையின் அசைவு. தொடரைப் படிப்பவரோ, ஆறிய காயம் திரும்ப வருகிறது என்றே எடுத்துக்கொள்வார். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். கலைச்சொல் ஆக்குபவர் அந்த வலியோடு வந்த ஒருவரிடமாவது பேசியிருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் ‘காயம்’ மீதுதான். தமிழில் காயம் என்றால் வெட்டு, அடி, இரத்தம். அது பட்ட நொடி தெரியும். இந்த வலிக்கு அப்படி ஒரு நொடி கிடையாது. அதனால் பயில்பவர், “எனக்கு எங்கும் அடிபடவில்லையே” என்று வாசித்துக்கொண்டே இருக்கிறார். வலி முற்றும் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் வாசிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் வலிக்கும். கருவியை வைத்ததும் போய்விடும். பிறகு பல இடங்களில் வலிக்கும். அடுத்து, வைத்த பின்னும் நீடிக்கும். அதற்கும் மேலே போனால் கதவுப்பிடியைத் திருப்பினாலும் வலிக்கும். கடைசியில் கையே சொன்னபடி கேட்காது. முதல் படியிலேயே நிறுத்த வேண்டியவரை, ‘காயம்’ என்ற சொல் நான்காம் படிவரை காத்திருக்க வைக்கிறது.

‘கை உளையுது’, ‘கால் உளைச்சல்’ என்று பேச்சில் எப்போதும் சொல்கிறோம். உழைத்த உறுப்பில் மெல்ல ஏறும் வலிக்கு அதைவிடச் சரியான சொல் இல்லை. எழுத்தில் அதை ‘மன உளைச்சல்’ என்பதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். ‘பயன்பாடு’ பொருள்களுக்கு உரியது, தசை உழைக்கிறது. ஆகவே ‘மிகையுழைப்பு உளைச்சல்’ என்பதே என் தேர்வு. உழைப்பு என்றால் கூலி வேலை நினைவுக்கு வரும் என்று மறுப்பவர்கள், ‘தசை’ என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரை வைத்தால் மருந்தும் பெயரிலேயே தெரியும்: உழைப்பைப் பங்கிட வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் வயலின் பயில்பவர், தேர்வுக்காக இரண்டே வாரத்தில் நான்கு மணி நேரத்துக்குத் தாவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோவாயால் கருவியை இறுக்கிப் பிடிப்பதால் கழுத்தும், மடங்கியே நிற்பதால் இடது மணிக்கட்டும், வில்லைத் தாங்கித் தாங்கி வலது தோளும் உளைகின்றன. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவது நிதானமான கணக்கு. 60 நிமிடம், 66, ஏறத்தாழ 73 என்று போனால் நான்கு மணி நேரத்தைத் தொட 15 வாரம் ஆகும். அவர் அதை இரண்டு வாரத்தில் முடிக்கப் பார்த்தார்.

ஏற்கெனவே உளைச்சல் வந்துவிட்டால், அன்றாட வேலைகளில் வலி அடங்கிய பிறகு 5 நிமிடம் வாசித்து, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி 5 நிமிடம் வாசிக்கலாம். சில நாள் அதிலேயே நின்று, மறுநாள் காலையில் வலி இல்லையென்றால் மட்டும் 10 நிமிடத்துக்கு ஏறலாம். வலி இருந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். தேறிய பின்னும் 25 நிமிட வாசிப்புக்கு 5 நிமிட இடையோய்வு இருக்கட்டும். அந்த 5 நிமிடமும் வயலின் பெட்டியில் இருக்க வேண்டும், கைகள் தொங்க வேண்டும். கைப்பேசியில் தட்டினால் அதே விரல்கள்தான் உழைக்கும். அது ஓய்வில் சேராது.

விரல் மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ அது உளைச்சலைத் தாண்டியது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டிலும், சுண்டுவிரல் மரத்தால் முழங்கையிலும் நரம்பு அழுந்தியிருக்கலாம். கழுத்தில் அழுந்தினாலும் விரல் மரக்கும். எந்த விரல் என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.