கடன் கட்டி முடித்தாச்சா? அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போடாதீர்கள்

வீட்டுக் கடனை முழுசாகக் கட்டி முடித்தவர்கள் அடுத்த பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் தூக்கிப் போடுவது அந்தக் கடன் காகிதங்களைத்தான். "முடிஞ்சுபோன கடனுக்கு எதுக்கு இன்னும் பேப்பர்?" என்று கேட்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நான் மனு எழுதிக் கொடுத்தவர்களில் அதிகம் அலைந்தவர்கள் கடன் பாக்கி வைத்தவர்கள் அல்ல, நாணயமாகக் கட்டி முடித்துவிட்டு ரசீதைத் தொலைத்தவர்கள்.

பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர் 2018-இல் வீட்டுக் கடனை அடைத்தார். பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆறு வருடம் கழித்து மகள் படிப்புக்காக அந்த வீட்டின் மேல் கடன் கேட்டபோது, வில்லங்கச் சான்றில் பழைய வங்கியின் எம்.ஓ.டி. அப்படியே நிற்கிறது. அதாவது, பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணம். கடன் முடிந்ததும் வங்கி ஒரு ரசீது ஆவணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் பதிவு செய்திருக்க வேண்டும். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கிளைக்குப் போனால் "பழைய கணக்கு, சிஸ்டத்தில் வரவில்லை, கடன் முடிந்த கடிதம் கொண்டு வாங்க" என்கிறார்கள். கொடுத்த கடிதத்துக்கு வங்கியிடமே நகல் இல்லையாம், அவர் காட்ட வேண்டுமாம்.

வங்கி எல்லாவற்றையும் காலாகாலத்துக்கும் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி பரிவர்த்தனை விவரங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருப்பதுதான் அவர்களுக்குக் கட்டாயம். அதற்கு மேல் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். வங்கிகளின் பெயரும் மாறிக்கொண்டே இருக்கிறது. நம் பக்கத்து அதியமான் கிராம வங்கி 2006-இல் பல்லவன் கிராம வங்கி ஆனது, அது 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. பழைய பாஸ்புக்கில் இருக்கிற பெயரில் இன்று ஒரு கிளையும் இல்லை. அதனால் அந்தப் பாஸ்புக்கைத் தூக்கிப் போடக் கூடாது.

சரி, உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? கடன் முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், சொத்தின் மேல் பதிவேட்டில் ஏறியிருக்கும் கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டது. தாமதத்துக்கு வங்கி காரணமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1-ஆம் தேதி முதலோ அதற்குப் பிறகோ பத்திரம் திருப்பித் தர வேண்டியிருந்த கடன்களுக்கு இது பொருந்தும். வங்கி பத்திரத்தைத் தொலைத்துவிட்டால், சான்றிட்ட நகல் எடுக்க அவர்களே உதவி செய்து செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு மட்டும் இன்னொரு 30 நாள் அவகாசம் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2024 ஜனவரி 10-ஆம் தேதி கடைசித் தொகையைக் கட்டினார். பிப்ரவரி 9-க்குள் பத்திரம் வந்திருக்க வேண்டும். பிப்ரவரி 29-இல் கொடுத்தார்கள். 20 நாள் தாமதம், ஒரு லட்ச ரூபாய். ஆனால் ஜனவரி 10-இல் கணக்கு முடிந்தது என்பதற்கு அவர் கையில் என்ன இருக்கிறது? மெஷினில் வந்த வழவழப்பான சீட்டு மட்டும் என்றால், அது சீக்கிரமே வெளுத்து வெறும் தாளாகிவிடும். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் அழியும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பத்திரம் கேட்பதையும் வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "அதெல்லாம் தேவையில்லைங்க" என்று சொல்லும் ஊழியரிடம் கண்டிப்பாக வாங்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த உத்தரவு வீட்டுக் கடன், கல்விக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்குத்தான். ஓசூரில் பட்டறைக்காக வாங்கிய தொழில் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்திருந்தால், இதைக் காட்டி 5,000 கேட்க முடியாது. பயிர்க்கடனுக்கும் அப்படித்தான். அவர்களுக்குக் காகிதம் இன்னும் முக்கியம், ஏனென்றால் தாமதத்துக்கு அபராதம் என்ற பயம் எதிர்ப் பக்கத்தில் இல்லை.

இன்னொரு பொறி 'செட்டில்மென்ட்'. பாக்கியைக் குறைத்துக் கட்டி முடித்தவர்கள், வங்கி கொடுத்த ஒப்புதல் கடிதம், அதில் சொன்ன கெடுவுக்குள் பணம் கட்டிய ரசீது, நிலுவை இல்லைச் சான்று மூன்றையும் ஒன்றாக வைத்திருங்கள். இவற்றில் ஒன்று இல்லாமல் போனாலும், சில வருடம் கழித்து மீதித் தொகையைக் கேட்டு வசூல்காரர் வந்து நிற்பார். கடனைக் கைமாற்றி வாங்கிய வேறொரு நிறுவனத்து ஆளாகவும் இருப்பார், அவருக்குப் பழைய கதை தெரியாது.

கடன் முடித்தவர்கள் ரசீது ஆவணத்தையும் விடக் கூடாது. tnreginet.gov.in-இல் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். எம்.ஓ.டி. பதிவு அழியாது, அது அப்படியே இருக்கும். அதன் ஆவண எண்ணைக் குறிப்பிட்டு அதற்குப் பின்னால் ரசீது ஆவணம் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேனேஜரைப் பிடித்துப் பதிவுக்கு வரச் சொல்லுங்கள். "ஆடிட் முடியட்டும்", "இன்சார்ஜ் லீவு" என்றெல்லாம் சொல்வார்கள், விடாதீர்கள். கிளை மாறிவிட்டால் இது இரண்டு மடங்கு வேலை.

எத்தனை வருடம்? கடன் ஒப்புதல் கடிதம், கடன் முடிந்த கடிதம், ரசீது ஆவணம் ஆகியவை சொத்து உங்கள் கையில் இருக்கும் வரை. விற்றால் நகலை வைத்துக்கொண்டு கொடுங்கள். மாதத் தவணை ரசீதுகளை, கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட் கைக்கு வந்து, வில்லங்கத்தில் ரசீது ஆவணம் ஏறிய பிறகு கழிக்கலாம். சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட் 8 வருடம் போதும் என்பது என் கணக்கு. வருமான வரித் துறை பழைய வருடத்தைக் கிளறினாலும் அதற்குள் அடங்கிவிடும். நகைக்கடன் ரசீது, நகையைத் திருப்பி எடை பார்த்து வாங்கியதிலிருந்து 3 வருடம். ஏ.டி.எம். சீட்டு பாஸ்புக்கில் பதிவு ஏறும் வரை. பாஸ்புக்கை மாதம் ஒரு முறை அச்சடியுங்கள். வெகு நாள் விட்டுவிட்டால் சில வங்கிகளில் பல வரவு செலவுகளைச் சேர்த்து ஒரே வரியாகப் போட்டுவிடுவார்கள், அதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது.

வீட்டில் ஒழுங்கு செய்ய மூன்று துணிப்பையும் ஒரு டிரங்குப் பெட்டியும் போதும். முதல் பையில் நடப்புக் கடன்கள், ஒவ்வொன்றும் தனி அட்டையில். இரண்டாவதில் முடிந்த கடன்கள், மேலே கடன் எண்ணும் முடிந்த தேதியும் எழுதி. மூன்றாவதில் வருடவாரியாக ஸ்டேட்மென்ட், ரசீது. ஏப்ரலில் புது வருடக் கட்டு போடும்போது 8 வருடத்துக்கு முந்தைய கட்டைக் கழித்துவிடலாம். அசல் பத்திரத்தை லாமினேட் செய்யாதீர்கள். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், கரையான் ஏறும். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வங்கி இழுத்தடித்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in-இல் போடலாம், கட்டணம் இல்லை. சந்தேகம் கேட்க 14448. ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு இந்த வழி செல்லாது, அது ரிசர்வ் வங்கியின் கீழ் வருவதில்லை. அங்கே சங்கச் செயலாளருக்கும், கூட்டுறவுத் துறையின் மண்டல இணைப்பதிவாளருக்கும் நகலோடு எழுதுங்கள்.