ஏற்காட்டிலிருந்து வந்த படங்கள்

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். "சார், பாட்டிக்குக் காது மிஷின் ஆன்லைன்ல வாங்கினேன். சி.இ., எஃப்.டி.ஏ. எல்லாம் போட்டிருக்கு. நல்லதுதானே?" சேலத்தில் காது கேட்கும் பரிசோதனை செய்யும் எனக்கு இப்படி வாரம் ஒரு படமாவது வருகிறது. பெட்டியின் முன்பக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பின்பக்கம், பக்கவாட்டு, கருவியின் உள்பக்கம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன்.

பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்' என்று இருந்தது. சத்தத்தை மொத்தமாகப் பெருக்கும் பெட்டி அது. செவித்துணைக் கருவி இல்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் உடம்பில் ஒரு வால்யூம் சக்கரமும் N, H என்று ஒரு சின்ன சுவிட்சும் மட்டும் இருந்தன. வரிசை எண் எங்கும் இல்லை. முறையான கருவியில் பேட்டரிக் கதவுக்கு உள்ளேயோ உடம்பிலோ மாடலும் வரிசை எண்ணும் இருக்கும், வலது காதுக்குச் சிவப்பும் இடதுக்கு நீலமுமாய்க் குறியும் இருக்கும். அதிகபட்ச சத்தம் 130 டெசிபல் என்று பெட்டியிலேயே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். எனக்குப் பயமே அந்த எண்தான். பாட்டியின் காதில் எந்த ஒலி குறைகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தால், மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போகலாம்.

சரி, அந்த முத்திரைகள்? சி.இ. ஐரோப்பியச் சந்தைக்கானது. அங்கேயும் செவித்துணைக் கருவி என்றால் அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண் வேண்டும். சோதித்த அமைப்பின் எண் அது. இந்தப் பெட்டியில் வெறும் இரண்டு எழுத்து. எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது பதிவுக்குச் சான்றிதழே கொடுப்பதில்லை, பதிவு என்பது ஒப்புதலும் ஆகாது.

நம் ஊரில் பார்க்க வேண்டியது மருத்துவக் கருவி விதிகள், 2017-இன்படி வந்த உரிம எண். இறக்குமதி என்றால் `IMP/MD/` என்று தொடங்கி ஆண்டும் எண்ணும் வரும், கூடவே இறக்குமதியாளர் பெயரும் முகவரியும். இங்கே செய்தது என்றால் `MFG/MD/` என்பது போல உற்பத்தி உரிம எண் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கும் இதே விதிதான். துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டரில் அளவு வரம்பு -50 முதல் 380 டிகிரி என்று இருந்தால், அது இயந்திரச் சூட்டைப் பார்ப்பது, நெற்றிக்கு ஆகாது.

எண்ணை மட்டும் பார்த்தும் நம்பிவிடாதீர்கள், அதைக் காப்பியடித்து ஒட்டலாம். விற்பவரிடம் உரிமத்தின் நகல் கேளுங்கள். இறக்குமதிக்கு அது `MD-15` படிவம். பெட்டியிலுள்ள கம்பெனியும் முகவரியும் மாடலும் அதில் அப்படியே இருக்க வேண்டும். இந்த விற்பனையாளர் நகலைக் கேட்டதும் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

பையன் அந்த மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாட்டியை மலையிலிருந்து கூட்டி வந்தான். வலது காதில் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. காது டாக்டரிடம் எடுத்துவிட்டுப் பரிசோதித்தபோது அந்தப் பக்கம் மிஷினே தேவைப்படவில்லை. இடது காதுக்கு மட்டும் வாங்கினார்கள், பெட்டியின் பின்பக்கத்தைப் பையனே முதலில் திருப்பிப் பார்த்தான்.